பள்ளமெல்லாம் உருகுநிலை இல்லை

"சார், என் பெட்டுக்கு இரண்டு உருகுநிலை வந்திருக்கு. 79-ல ஒண்ணு, 248-ல ஒண்ணு." இந்த மாதம் மட்டும் மூன்றாவது ஆள்.

அந்த மாணவர் கொண்டுவந்தது, பெட் என்ற தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கைப் பாட்டிலாக ஊதுவதற்கு முந்தைய பிரீஃபார்மில் வெட்டிய துண்டு. ஏழு மில்லிகிராம், நைட்ரஜனில், நிமிடத்துக்கு 10 டிகிரி. சூடாக்கும்போது துண்டு உள்வாங்கும், வெளிவிடும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி கருவியின் வரைபடத்தில் 79-ல் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது உண்மைதான். ஆனால் பள்ளத்துக்கு முன்னும் பின்னும் கோட்டின் மட்டத்தைப் பாருங்கள். உருகினால் கோடு ஏறக்குறைய பழைய மட்டத்துக்கே திரும்பும். இங்கே அது ஒரு படி இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் படிதான் கண்ணாடி நிலைமாற்றம், கண்ணாடிபோல விறைத்திருந்த பிளாஸ்டிக் இளகத் தொடங்கும் இடம். அதன்மேல் ஒட்டியிருக்கும் பள்ளம், துண்டு பல மாதம் அலமாரியில் கிடந்து மூப்படைந்ததன் தடம். நம்பாதவருக்காக அதே துண்டை 280 வரை உருக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி சூடாக்கிக் காட்டினேன். பள்ளம் காணோம், படி மட்டும் 78-ல் இருந்தது. உருகுநிலை என்றால் இப்படி மறையுமா?

அடுத்து, 248-ல் வந்த பள்ளத்தின் பரப்பு, அதாவது உருக எடுத்த வெப்பம், கிராமுக்கு 36 ஜூல். முழுப் படிகமான பெட்டுக்கு 140 என்று வைத்து, 26 சதவீதம் படிகம் என்று எழுதிவிட்டார். நடுவில் 130 பக்கம் எதிர்த்திசையில் நின்ற மேட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. சூடாக்கும்போதே மூலக்கூறுச் சங்கிலிகள் அடுக்கிக்கொண்டு படிகமானதன் வெப்பம் அது, கிராமுக்கு 30 ஜூல். கருவிக்குள் பிறந்த படிகத்தைத் துண்டின் கணக்கில் சேர்க்கலாமா? 36-ல் 30 போனால் 6. அதாவது சுமார் 4 சதவீதம்தான். துண்டைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தாலே போதும். இழுக்காத பெட்டில் 26 சதவீதம் படிகம் இருந்தால் அது பால்போல வெளுத்திருக்கும், இது கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது.

மேடு எது, பள்ளம் எது என்பது கருவிக்குக் கருவி மாறும். அச்சில் வெப்பம் வெளிவிடுவது மேலே என்று சொல்லும் Exo Up இருக்கிறதா, கீழே என்று சொல்லும் Exo Down இருக்கிறதா பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

சிதைவுக்கு வருவோம். "சிதைவையும் பார்த்துடலாம் சார், 450 வரை ஓட்டுங்க" என்பார்கள். துண்டு சிதையும்போது ஆவி வெளியேறி எடை குறைந்துகொண்டே போகும். கிராமுக்கு இவ்வளவு என்று எந்த கிராமை வைத்துக் கணக்கிடுவீர்கள்? கோடு கோணல்மாணலாக நடுங்குவதைப் பெரிய கண்டுபிடிப்பாக நினைக்காதீர்கள். முதலில், சூடாக்கச் சூடாக்க எடை எப்படிக் குறைகிறது என்று காட்டும் டிஜிஏ எடுங்கள். எடை எங்கே குறையத் தொடங்குகிறதோ, அதற்கு நன்றாகக் கீழேயே டிஎஸ்சியை நிறுத்துங்கள். பெட்டுக்கு 280 போதும்.

கொஞ்சம் தயவு பண்ணுங்கள். அந்த ஆவி, கருவிக்குள் துண்டு வைக்கும் செல்லின் சுவரில் படிந்தால் அடுத்தவர் வரைபடத்தின் அடிக்கோடு வளைகிறது, அதைச் சுத்தம் செய்ய என் சனிக்கிழமை போகிறது.