‘இஸ்தவா’வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

காத்தான்குடியில் இரண்டு தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்து, தாஹா அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தைப் பாருங்கள். ஒன்றில் அளவற்ற அருளாளன் அர்ஷின் மீது, அதாவது தன் அரியணையின் மீது, ‘அமைந்தான்’ என்றிருக்கும். மற்றதில் ‘அமர்ந்தான்’ என்றிருக்கலாம். அரபியில் இருப்பது ‘இஸ்தவா’. அர்ஷோடு சேர்ந்து இது குர்ஆனில் 7 இடங்களில் வருகிறது. இறைவனின் ஸிஃபாத்துகள், அதாவது பண்புகள், பற்றிய பழைய தர்க்கம் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

பகுத்தறிவுக்கு முதலிடம் தந்த பழைய இறையியல் பிரிவினரான முஃதஸிலாக்கள் இப்படி வாதித்தார்கள்: ஒன்றின் மேல் இருப்பதற்கு எல்லை உண்டு, இறைவனுக்கு எல்லையில்லை, ஆகவே நேர்ப்பொருள் பொருந்தாது. இப்படி வேறு பொருளுக்குத் திருப்புவதே ‘தஃவீல்’. ஆனால் நினைத்த பொருளையெல்லாம் கொடுத்துவிட முடியாது. அரபு வழக்கில் சான்று வேண்டும். அவர்கள் காட்டிய சான்று ஒரு கவிதை வரி: வாளின்றி, இரத்தம் சிந்தாமல் பிஷ்ர் ஈராக்கின் மீது ‘இஸ்தவா’ ஆனார். அதாவது, அதைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்தார்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. போட்டியாளன் இருந்து, அவனை வென்றால்தான் அரபியர் அப்படிச் சொல்வார்கள் என்று மொழியறிஞர் இப்னுல் அஃராபி மறுத்ததாக அறிவிக்கப்படுகிறது. இறைவனுக்கு யார் போட்டி? முஃதஸிலாக்களை விட்டு வெளியேறிய அபுல் ஹஸன் அல்அஷ்அரி ‘இபானா’வில் கேட்டது இன்னும் கூர்மையானது. ஆளுகைதான் பொருளென்றால் அர்ஷுக்கென்று என்ன தனிச்சிறப்பு? அசுத்தமான இடங்களும் அவன் ஆளுகையில்தானே?

வேடிக்கை என்னவென்றால், அவர் வழிவந்த அல்ஜுவைனி (இறப்பு 1085) ‘இர்ஷாத்’ நூலில் அதே ‘ஆளுகை’ விளக்கத்தை எடுத்துக்கொண்டார். படைப்புகளிலேயே பெரியது அர்ஷ். அது அடங்கினால் மற்றவை அடங்காதா என்பது அவர் பதில். பிற்காலத்தில், ‘நிஸாமிய்யா’வில், விளக்கத்தை விட்டுப் பொருளையே இறைவனிடம் ஒப்படைக்கும் ‘தஃப்வீள்’ பக்கம் போனார்.

‘இஸ்பாத்’ தரப்பு சொல்லை அப்படியே ஏற்கிறது. இவர்களின் அடித்தளம் இமாம் மாலிக் (இறப்பு 795) அவர்களின் பதில். ஒருவர் ‘எப்படி இஸ்தவா ஆனான்?’ என்று கேட்க, தலை குனிந்து வியர்த்துப் போன மாலிக், இஸ்தவா அறியப்பட்டது, எப்படி என்பது அறிவுக்கு எட்டாதது என்றார். ‘அறியப்பட்டது’ என்றால் பொருள் தெரியும் என்று இவர்கள் எடுக்கிறார்கள். குர்ஆனில் வந்திருப்பது தெரியும், அவ்வளவுதான் என்று தஃப்வீள் தரப்பு எடுக்கிறது. ஒரே வாக்கியம் இரு தரப்புக்கும் ஆதாரம்.

இஸ்பாத் தரப்பின் இப்னு தைமிய்யா, அல்அஷ்அரி வழிவந்த அஷ்அரிகளிடம் கேட்ட கேள்வி எனக்கு வலுவாகத் தெரிகிறது: இறைவனின் பார்வையை, மனிதக் கண் போலன்றி, ஏற்கிறீர்கள், இஸ்தவாவை மட்டும் ஏன் திருப்புகிறீர்கள்? அஷ்அரிகளின் பதிலும் இலேசானதல்ல. பார்வைக்கு இடம் தேவையில்லை, மேலிருப்பதற்குத் தேவை.

தமிழில் ‘அமர்ந்தான்’ என்றதும் நாற்காலி கண்ணில் வந்துவிடுகிறது. இஸ்பாத் தரப்பிலும் பலர் உட்காருவதைச் சொல்வதில்லை, ‘உயர்ந்தான்’ என்பார்கள். ‘ஆட்சி செய்தான்’ என்று எழுதினால் தஃவீலை வசனத்துக்குள்ளேயே வைத்தாயிற்று. அதனால்தான் சிலர் ‘இஸ்தவா ஆனான்’ என்று அரபியையே விட்டுவிடுகிறார்கள்.