வயிற்று வலி என்று சொன்ன பையன்

பதினான்கு வயதுப் பையன். விடியற்காலை மூன்று மணிக்கு வலி தாங்காமல் எழுந்திருக்கிறான், இரண்டு முறை வாந்தி. அம்மா கேட்டதற்கு “அடிவயிறு வலிக்குது” என்று மட்டும் சொன்னான். வீட்டில் அஜீரணம் என்று நினைத்து மாத்திரை கொடுத்தார்கள். என்னிடம் வந்தபோது மதியம் இரண்டு மணி. உடையைத் தளர்த்திப் பார்த்தால், இடது விதை வீங்கி, வழக்கமான இடத்தைவிட மேலே ஏறிக் குறுக்காகக் கிடந்தது. தொடையின் உட்புறத்தை லேசாக வருடினால் அந்தப் பக்கத்து விதை சற்று மேலே எழும்ப வேண்டும். வலப்பக்கம் எழும்பியது, இடப்பக்கம் அசையவில்லை.

விதை ஒரு நாணில் தொங்குகிறது. அதற்குப் போகும், வரும் ரத்தக் குழாய்கள் எல்லாம் அந்த நாணுக்குள்தான் இருக்கின்றன. சிலருக்குப் பிறவியிலேயே விதை விதைப்பையின் சுவரோடு சரியாக ஒட்டாமல், மணியின் நாக்கு மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். அது சுழலும்போது நாணும் முறுக்கிக்கொள்கிறது. முதலில் அடைபடுவது ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் மெல்லிய சிரைகள். உள்ளே வந்த ரத்தம் தேங்கி விதை வீங்கும், அப்புறம் தமனியும் நசுங்கிவிடும். ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பன்னிரண்டு மணி நேரம் ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அது முடியும். ஒரு நாள் கழிந்தால் மிக அரிது. விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

கிருமித் தொற்றாலும் இங்கே வலி வரும். அது பொதுவாக ஓரிரு நாளில் மெல்லக் கூடும், காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ சேர்ந்திருக்கும். ஆனால் வீட்டில் இருந்தபடி இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் உதவும். முறுக்கு என்று தெளிவாகத் தெரியும்போது நாங்கள் ஸ்கேனுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம்.

அந்தப் பையனுக்கு நாண் இரண்டு சுற்று முறுக்கியிருந்தது. பிரித்துவிட்டு, வெதுவெதுப்பான உப்பு நீரில் நனைத்த துணியால் விதையை மூடிக் காத்திருந்தோம். கருமை மாறவில்லை, எடுக்க வேண்டியதாயிற்று. அதே பிறவி அமைப்பு மறுபுறமும் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் வலது விதையைத் தையல் போட்டு நிலைநிறுத்தினோம். அந்த ஒன்றே ஹார்மோனுக்கும், பெரும்பாலும் பின்னாளில் குழந்தை பெறுவதற்கும் போதும். இதை அவனிடமே உட்கார்ந்து சொன்னேன்.

அப்போதுதான் வாய் திறந்தான். இரண்டு மாதத்துக்கு முன்பும் இதே வலி வந்து, அரை மணி நேரத்தில் தானாகப் போய்விட்டதாம். சொல்ல வெட்கம். அது முறுக்கித் தானே பிரிந்த வலியாக இருந்திருக்க வேண்டும். அன்றே அறுவை மருத்துவரிடம் காட்டியிருந்தால், நாள் குறித்து இரண்டையும் தைத்து நிறுத்தியிருக்கலாம்.