"திடீர்னு ஃபோகஸ் ஆகல சார்": மழையில நனைஞ்ச லென்ஸும் வாரண்டி மெயிலும்

ஐப்பசி பொறந்துட்டா எங்க சர்வீஸ் சென்டர் இன்பாக்ஸ்ல ஒரே மெயில் தான் திரும்பத் திரும்ப வரும். "சார், லென்ஸ் திடீர்னு ஃபோகஸ் ஆகல. வாரண்டி இருக்கு. கல்யாண சீசன், அர்ஜென்ட்." அவ்ளோதான். மழைன்னு ஒரு வார்த்தை இருக்காது. வெளிய சென்னையே மிதந்துட்டு இருக்கும், இவங்க லென்ஸ் மட்டும் பாலைவனத்துல இருந்து வந்த மாதிரி எழுதுவாங்க.

போன வாரம் வந்தது தான் என்னைய இத எழுத வச்சது. கல்யாண போட்டோகிராஃபர் ஒருத்தர், 24-70 ஜூம், பில் போட்டு பதினோரு மாசம். "தண்ணியே படல" அப்டின்னு தனியா ஒரு வரி வேற. ஃபோகஸ் மிஸ் ஆகுறத காட்ட மூணு போட்டோ அட்டாச் பண்ணிருந்தார். மூணாவது போட்டோவுல பொண்ணும் மாப்ளையும் கார்ல ஏறுறாங்க, தலைக்கு மேல குடை, பின்னாடி ஹெட்லைட் வெளிச்சத்துல மழை கோடு கோடா எறங்குது. நானும் பக்கத்து பெஞ்ச் தம்பியும் அஞ்சு நிமிஷம் பேசவே இல்ல, சிரிச்சுட்டே இருந்தோம்.

லென்ஸ பிரிச்சா போட்டோவே தேவப்படல. உள்பக்க கண்ணாடி ஒண்ணுல காஞ்ச சொட்டோட விளிம்பு வெள்ளை வளையமா நிக்குது. ஸ்க்ரூ தலையில துரு. ஃபோகஸ் மோட்டாருக்கு போற ஃப்ளெக்ஸ் கேபிள், போர்டுல சேர்ற கனெக்டர்ல பச்சை பூத்திருக்கு. செம்புப் பாத்திரத்த புளி போட்டு தேய்க்காம விட்டா எப்டி ஆகும், அந்தப் பச்சை தான். இதுக்கெல்லாம் பெரிய லேப் வேணாங்க, பிரிச்சு பாத்தா ரெண்டு வருஷ அனுபவம் உள்ள பையனே சொல்லிடுவான்.

அதனால தான் சொல்றேன், மெயில்ல மழைய மறைச்சா வாரண்டி கெடைச்சிடும்னு நெனைக்காதீங்க. மெயில படிச்சு யாரும் வாரண்டி குடுக்கறதில்ல, பிரிச்சு பாத்து தான் குடுக்கறாங்க. நீங்க எழுதலன்னா பச்சை போயிடுமா? மறைச்சதுல ஒரே ஒரு பலன் தான். என்ன ஆச்சுன்னு தெரியாம நாங்க முதல்ல கேமரா பாடிய சந்தேகப்படுவோம், லென்ஸ மாட்டி கரன்ட் குடுத்து டெஸ்ட் பண்ணுவோம். உள்ள ஈரம் இருக்கிற லென்ஸுக்கு கரன்ட் குடுத்தா அரிப்பு இன்னும் வேகமா போகும். "நனைஞ்சது"ன்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா பவரே குடுக்காம முதல்ல பிரிச்சு காய வச்சிருப்போம். நீங்க சொன்ன பொய்யால போறது உங்க போர்டு தான், எங்களோடது இல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கு, இத யாரும் யோசிக்கறதில்ல. மழைக்கு அப்புறம் கெட்டதெல்லாம் மழையால கெட்டது இல்ல. நாகர்கோவில்ல இருந்து ஒரு டீச்சரம்மா எழுதினாங்க, தூறல்ல பத்து நிமிஷம் எடுத்தேன், தொடச்சு வச்சேன், ஒரு வாரம் நல்லா ஓடுச்சு, அப்புறம் ஜூம் ஒரு எடத்துக்கு வந்தா மட்டும் ஃபோகஸ் நின்னுடுதுன்னு. அந்த "ஒரு எடத்துக்கு வந்தா மட்டும்" இருக்கே, அது தங்கம். ஜூம் பண்ணும்போது ஃப்ளெக்ஸ் மடங்கி மடங்கி அந்த மடிப்புல விரிசல் விடும், அந்த நிலைக்கு வந்தா தொடர்பு அறுந்துடும். பிரிச்சா உள்ள காய்ஞ்சு கெடக்கு, ஒரு கறை இல்ல. ஃப்ளெக்ஸ் மாத்தி வாரண்டியிலயே போச்சு. அவங்க மழைய மறைக்கல, ஒண்ணும் குறைஞ்சு போயிடல.

சரி, கல்யாண போட்டோகிராஃபர் கதை. போன் போட்டு "அண்ணே, அந்த மூணாவது போட்டோ"ன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் எல்லாம் வந்துச்சு. ரிசப்ஷன் முடிஞ்சு வெளிய இருபது நிமிஷம் மழையில எடுத்திருக்கார். மேல மட்டும் துண்டால தொடச்சு, நீட்டி இருந்த ஜூம உள்ள தள்ளி பைல போட்டு ஜிப் மூடிட்டார். தப்பு அங்க தான். நீண்ட குழல்ல ஒட்டியிருந்த தண்ணிய அவரே கையால உள்ள அனுப்பிட்டார். மறுநாள் காலைல மாட்டி பாத்தா ஓடுச்சு, அதனால நிம்மதியா இருந்துட்டார். தண்ணி மெதுவா கனெக்டர் வரைக்கும் ஊறிப் போக நேரம் எடுக்கும்ல. மூணாம் நாள் ஃபோகஸ் முன்னும் பின்னும் அல்லாடிச்சு, அப்புறம் `Err 01`. உடனே அரிசி டப்பாவுல ரெண்டு நாள். எடுத்து மாட்டி ஆன் பண்ணி ஆஃப் பண்ணி "சரியாயிடுச்சா"ன்னு நாலு தடவை பாத்திருக்கார்.

வெதர் சீல் இருக்கேன்னு கேட்டார். இருக்குண்ணே. மவுண்ட்ல ஒரு ரப்பர் வளையம், சுவிட்சு சுத்தி கொஞ்சம், அது தெறிக்கிற தூறலுக்கு. வாரண்டி தாளுல தண்ணி, ஈரம், மணல் எல்லாம் விலக்குன்னு போட்டிருக்கும், சீல் இருக்கிற லென்ஸுக்கும் அதே தாள் தான். போர்டும் ஃபோகஸ் யூனிட்டும் சேத்து எஸ்டிமேட் குடுத்தோம், வாரண்டி இல்லாம. மனசு கஷ்டமா தான் இருந்துச்சு.

மெயில் எப்டி எழுதணும்னு அவர் கேட்டதுக்கு நான் எழுதிக் காட்டினது இது, இங்கிலீஷ்ல எழுதினாலும் விஷயம் இதே தான் இருக்கணும்:

"லென்ஸ் மாடல், சீரியல் நம்பர் இது. ஜிஎஸ்டி பில்லும் வாரண்டி கார்டும் இணைச்சிருக்கேன். 14ஆம் தேதி ராத்திரி இருபது நிமிஷம் மழையில நனைஞ்சது. 15 காலை வேலை செஞ்சது. 17ல இருந்து ஆட்டோ ஃபோகஸ் ஓடல, `Err 01` வருது. கான்டாக்ட் தொடச்சு, AF/MF சுவிட்ச் பாத்தாச்சு. வேற பாடியில மாட்டினாலும் அதே. மேனுவல் ரிங் சுத்தினா ஃபோகஸ் மாறல. அரிசி டப்பாவுல ரெண்டு நாள் வச்சு, நாலு தடவை ஆன் பண்ணிப் பாத்தேன். வாரண்டியில வருமான்னு பாத்து சொல்லுங்க, வரலன்னா எஸ்டிமேட் குடுத்துட்டு என் சம்மதம் கேட்டு வேலைய தொடங்குங்க."

மேனுவல் ரிங் வரி ஏன்னா, இப்ப வர்ற நிறைய லென்ஸ்ல ரிங் நேரா கண்ணாடிய தள்ளாது, மோட்டாருக்கு சொல்லும், மோட்டார் தள்ளும். அதுவும் வேலை செய்யலன்னா பிரச்சனை மோட்டார், போர்டு பக்கம்னு பிரிக்காமலே ஓரளவு தெரியும். பழைய மாதிரி, ரிங் நேரா தள்ளுற லென்ஸா இருந்தா கண்ணாடி நகரும், அப்ப அர்த்தம் வேற. பில்லுல சீரியல் நம்பர் இருக்கான்னு வாங்குற அன்னைக்கே பாருங்க, வெளிநாட்டு சரக்க விலை கம்மின்னு வாங்கிட்டு இங்க வந்து சண்டை போடாதீங்க.

நனைஞ்சா என்ன பண்ணணும்? ஜூம நீட்டுன நிலையிலயே தொடைங்க, காஞ்சப்புறம் உள்ள தள்ளுங்க. மழையிலயே லென்ஸ கழட்டாதீங்க. உள்ள வந்ததும் பேட்டரிய உருவுங்க, ஈரப் பைல மூடி வைக்காதீங்க. ஃபோகஸ்ல சந்தேகம்னா திரும்ப ஆன் பண்ணி பாக்காம அப்டியே கொண்டு வாங்க. முதல் நாளே வந்தா பல நேரம் கழட்டி சுத்தம் பண்றதோட முடிஞ்சிடும், பதினஞ்சு நாள் கழிச்சு வந்தா போர்டு தான்.

அரிசி மட்டும் தயவு செஞ்சு வேணாம். அரிசியிலயே ஈரம் இருக்குங்க, அது லென்ஸுக்குள்ள இருக்கிற தண்ணிய இழுக்காது, அதோட மாவு தான் ஜூம் இடுக்குல போய் கிரீஸோட ஒட்டிக்கும். அண்ணனோட லென்ஸ்ல கனெக்டர் சுத்தம் பண்றத விட அந்த மாவ எடுக்கத்தான் அதிக நேரம் ஆச்சு. கூரியர் பெட்டிய தொறந்தப்ப குறுநொய் வேற கொட்டுச்சு, பெஞ்ச் பூரா எறும்பு.