தெர்வார்: மண் மட்டுமல்ல

வைன் பேச்சில் பிறந்து இப்போது காப்பிப் பேச்சிலும் புழங்கும் பிரெஞ்சுச் சொல் ‘தெர்வார்’. விளைந்த இடத்தின் மண், நீர், காற்று, உயரம், அங்குள்ளவர்களின் கைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து ஒரு விளைபொருளுக்குத் தரும் தனித்தன்மையை அது குறிக்கும். நிலத்தைக் குறிக்கும் லத்தீன் ‘தெர்ரா’தான் இதன் வேர். அதனால் பலரும் ‘மண்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இன்று பெருமையாகச் சொல்லப்பட்டாலும், ஒரு காலத்தில் வைனில் ‘தெர்வார் சுவை’ தெரிகிறது என்றால் அது குறைதான். பட்டிக்காட்டு வாடை என்று பொருள்.

மண் மட்டும் ஏன் போதாது? பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் க்ளோ த வூஜோ என்ற திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தால் தெரியும். சிஸ்டெர்சியன் துறவிகள் மதில் எழுப்பிய, சுமார் 50 ஹெக்டேர் சரிவு நிலம் அது. முழுக்கச் சட்டப்படி ‘கிராண்ட் க்ரூ’, அதாவது முதல் தரம். சிவப்பு வைனுக்குப் பினோ நுவார் திராட்சைதான். ஆனாலும் மேட்டுப் பகுதிக்கு உள்ள மதிப்பு, கீழே சாலையோரத்துக்கு இல்லை. மேலே சுண்ணாம்புக்கல்லின்மேல் மெல்லிய மண், மழைநீர் வடிந்துவிடும். கீழே களிமண் ஆழம், ஈரம் தங்கும். அங்கே கொடி இலையாகத் தழைத்து, பழம் பருத்து, சாறு நீர்த்துப்போகலாம். குளிர்காற்றும் பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். இதற்கு மேல், தோட்டம் எண்பது பேர் அளவுக்குப் பங்காகிக் கிடக்கிறது. கொடியை எப்படிக் கவாத்து செய்வது, எப்போது பறிப்பது என்பது அவரவர் கணக்கு. கைதேர்ந்தவர் கீழ்ப்பங்கிலிருந்தும் மேட்டுக்காரரை மிஞ்சும் வைனை எடுப்பதுண்டு.

ஆக மண் வேலை செய்கிறது, பெரும்பாலும் தண்ணீர் வழியாக. பாறையின் சுவை வேர் வழியே ஏறிக் கோப்பைக்கு வந்துவிடுவதில்லை. ‘சுண்ணாம்புக்கல் ருசி’ என்று எழுதுவதெல்லாம் உவமை என்றே கொள்ளலாம்.

காப்பியில் உயரத்துக்குப் பெரிய பங்கு. குளிர்ந்த மலையில் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை இறுகும், நல்ல புளிப்பு நிற்கும். ‘மான்சூன்டு மலபார்’ என்ற காப்பியின் கதை இன்னும் வேடிக்கை. மலையில் விளைந்த கொட்டையை மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் பரப்பி, பருவமழைக் காற்று படும்படி வாரக்கணக்கில் கிளறிவிடுகிறார்கள். கொட்டை உப்பி வெளிர்மஞ்சளாகும், புளிப்பு அடங்கும். இந்தச் சுவையைத் தந்தது எந்த மண்? ‘இது வெறும் பதப்படுத்தல், தெர்வார் இல்லை’ என்று வாதிடுவோரும் உண்டு. அந்தக் காற்றும் பருவமும் அந்தக் கரைக்கே உரியவை என்பதால் எனக்கு அது தெர்வார்தான்.

சரி, தமிழில்? ‘மண்வாசனை’ கைவசம் இருக்கிறது. ஆனால் அது புதுமழையையும் கிராமத்துப் படங்களையும்தான் நினைவூட்டும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. உணவும் தொழிலும் கருப்பொருளில் வந்துவிடுகின்றன. இவை எல்லாம் அடங்கிய சொல் திணை. எனவே ‘திணைப்பண்பு’ எனலாம், சுவையை மட்டும் சுட்ட வேண்டுமானால் ‘திணைச்சுவை’. மண் ஆய்வறிக்கை பற்றி எழுதும்போது மட்டும் ‘மண்ணியல்பு’ போதும்.