மெய் மாற்று விகிதம்: சொல்லும் கணக்கும்

ஆங்கிலத்தில் இதை ‘ரியல் எக்ஸ்சேஞ்ச் ரேட்’ என்பார்கள். இதிலுள்ள ‘ரியல்’ லத்தீன் மொழியின் ‘ரேஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘ரேஸ்’ என்றால் பொருள், சரக்கு. இதன் எதிர்ச்சொல்லான ‘நாமினல்’, பெயர் என்று அர்த்தப்படும் ‘நோமென்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆக, ஒன்று பெயரளவில் உள்ள விகிதம், மற்றது சரக்களவில் உள்ள விகிதம். ஒரு டாலருக்கு இத்தனை என்று வங்கிப் பலகையில் எழுதியிருப்பது முதலாவது. உள்ளூரில் ஒரு கூடைச் சாமான் வாங்கும் பணத்தை அப்படியே மாற்றி எடுத்துக்கொண்டு போனால், வெளிநாட்டில் அதே மாதிரிக் கூடை எத்தனை வாங்கலாம் என்பது இரண்டாவது.

தமிழில் ‘உண்மை மாற்று விகிதம்’ என்றும் எழுதுகிறார்கள். பணக்கூலி, உண்மைக்கூலி என்று பாடநூலில் படித்தவர்களுக்கு அது பழகிய வழக்கு. ஆனால் ‘உண்மை’ என்றதும் பலகையில் இருப்பது ஏதோ பொய் போலத் தொனிக்கிறது. அதுவும் உண்மையான விகிதம்தான், அந்த விகிதத்தில்தான் பணம் கைமாறுகிறது. ‘மெய்’ என்ற சொல்லுக்கு உடல் என்ற பொருளும் உண்டு என்பதால், பெயருக்கு எதிரே நிற்க அதுவே பொருத்தம். இலங்கையில் மாற்று விகிதத்தைச் ‘செலாவணி வீதம்’ என்பார்கள். அங்கே ‘மெய்ச் செலாவணி வீதம்’ எனலாம்.

கணக்கு சிறியது.

```
மெய் மாற்று விகிதம் = E × P / P*
```

E என்பது நம் நாணயம் ஒன்றுக்குக் கிடைக்கும் அயல் நாணயம். P நம் நாட்டு விலைவாசிக் குறியீடு, P* அயல்நாட்டினுடையது. இப்படி எழுதினால், எண் ஏறும்போது நம் சரக்கு அயலாருக்கு விலை கூடுகிறது என்று அர்த்தம். பாடநூல்கள் பலவும் இதைத் தலைகீழாக எழுதும். அங்கே எண் ஏறினால் நம் சரக்கு மலிகிறது. எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும். இந்த இடத்தில் தடுக்கி விழுந்து நேர்மாறாக எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம்.

E அசையவே இல்லை என்றாலும் P ஏறினால் விகிதம் ஏறும் என்பது வாய்பாட்டிலேயே தெரிகிறது. நடப்பில் அது எப்படி இருக்கும் என்பதற்கு அர்ஜென்டினாவைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1989-லும் 1990-லும் விலைவாசி ஆயிரக்கணக்கான விழுக்காடு ஏறிய நாடு அது. அதை அடக்க, 1991 ஏப்ரலில் நாணயத்தைச் சட்டம் போட்டு டாலரோடு கட்டினார்கள். பொருளாதார அமைச்சர் தொமிங்கோ கவாயோவின் திட்டம் அது. 1992 ஜனவரி 1-ல் புதிய பெசோ வந்தது. ஒரு பெசோவுக்கு ஒரு டாலர். அந்த விகிதம் பத்தாண்டு அசையவில்லை.

ஆனால் ஓடுகிற வண்டியில் பிரேக் பிடித்தாலும் கொஞ்ச தூரம் போய்த்தானே நிற்கும்! நுகர்வோர் விலை 1992-ல் 17.5 விழுக்காடும், 1993-ல் 7.4 விழுக்காடும், 1994-ல் 3.9 விழுக்காடும் ஏறியது. மூன்று ஏற்றங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கணக்கிட்டால் 100 என்பது 131 ஆகிறது. அதே மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவில் 100 என்பது சுமார் 108.5 ஆனது. 131-ஐ 108.5-ஆல் வகுத்தால் 1.21. பெசோ டாலருக்கு எதிரே ஒரு சென்ட்கூட நகராமல், மெய்க் கணக்கில் 21 விழுக்காடு விலை கூடிவிட்டது.

இது ஒரு செருப்புப் பட்டறையை எப்படித் தாக்கும் என்று பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஒரு ஜோடி 30 டாலருக்கு ஏற்றுமதியாகிறது. தோலுக்கு 10 டாலர். அதன் விலை உலகச் சந்தையில் தீர்மானமாவது, ஆகவே மாறவில்லை. கூலி, வாடகை, மின்சாரம், லாரி வாடகை எல்லாம் சேர்ந்து 15 பெசோ. லாபம் 5. உள்ளூர்ச் செலவு 21 விழுக்காடு ஏறினால் 15 என்பது 18.15 ஆகிறது, லாபம் 1.85-க்குச் சுருங்குகிறது. விலையைக் கூட்டவும் வழியில்லை; வாங்குபவர் வேறு நாட்டுக்குப் போய்விடுவார். ஏறுவது கூலியும் சேவைகளும் சார்ந்த செலவுதான். மொத்த விற்பனை விலைக் குறியீட்டில் ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குகளே அதிகம் என்பதால், அதை வைத்துக் கணக்கிட்டால் இந்த ஏற்றம் மிகச் சிறியதாகவே தெரியும். எந்தக் குறியீடு என்று சொல்லாமல் மெய் விகிதம் பேசுவது பாதிப் பேச்சு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். அர்ஜென்டினாவின் ஏற்றுமதி 1991-ல் சுமார் 1,200 கோடி டாலராக இருந்து 1998-ல் 2,600 கோடி டாலரைத் தாண்டியதே, பிறகு என்ன பாதிப்பு? உற்பத்தித் திறன் கூடியது ஒரு காரணம். ஒரு ஆள் கூடுதல் ஜோடி தைத்தால் கூலி ஏற்றம் உறைக்காது. இன்னொரு காரணம் பிரேசில். அர்ஜென்டினாவின் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் போனது. பிரேசிலும் 1994 ஜூலையில் ‘ரியல்’ என்ற புதிய நாணயத்தைக் கொண்டுவந்து டாலருக்குப் பக்கத்திலேயே நிறுத்தியது. (அந்தப் பெயருக்கு மூலம் அரசன் என்ற சொல். நம் ‘மெய்’யோடு குழப்பக் கூடாது.) பக்கத்து வீட்டிலும் விலை கூடியிருந்ததால் இந்த வீட்டின் விலை உறைக்கவில்லை.

அதனால்தான் டாலரை மட்டும் பார்க்காமல், எந்த நாட்டோடு எவ்வளவு வணிகம் என்று எடை போட்டு எல்லா நாணயங்களையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அதற்கு ‘வணிக எடையிட்ட மெய் மாற்று விகிதம்’ என்று பெயர். இந்திய ரிசர்வ் வங்கி 40 நாணயங்களைச் சேர்த்து இப்படி ஒரு குறியீடு வெளியிடுகிறது.

1999 ஜனவரியில் பிரேசில் ரியலை டாலருக்குப் பக்கத்தில் நிறுத்துவதைக் கைவிட்டது. டாலருக்கு 1.21 ரியலாக இருந்தது, சில வாரங்களில் 2-ஐத் தொட்டது. பிரேசில்காரரின் பட்டறையிலும் உள்ளூர்ச் செலவு 18.15 ரியல் என்று வைத்துக்கொண்டால், முன்பு அது 15 டாலர், இப்போது 9 டாலர் சொச்சம். தோலுக்கு 10 சேர்த்தால் 19 டாலரில் செருப்பு தயார். அர்ஜென்டினாவில் அடக்கவிலையே 28.15. அந்த ஆண்டு பெசோவும் டாலரும் எப்போதும்போல ஒன்றுக்கு ஒன்றாகவே இருந்தன.

E கட்டப்பட்டிருந்தால் சரிசெய்ய மிஞ்சுவது P மட்டும். விலையையும் கூலியையும் இறக்க வேண்டும். 1999, 2000, 2001 மூன்று ஆண்டுகளிலும் விலை இறங்கத்தான் செய்தது, ஆனால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு விழுக்காடுதான். தனியாருக்கு விற்ற மின்சாரம், தொலைபேசி போன்றவற்றின் கட்டணங்களை அமெரிக்க விலைவாசியோடு கட்டிவைத்திருந்ததால் அவை கூடவே இறங்க மறுத்தன. இழப்பு வேலையின்மையாக வெளிப்பட்டது.

2002 ஜனவரியில் சட்டத்தை நீக்கினார்கள். ஆண்டு முடிவில் டாலருக்குச் சுமார் 3.4 பெசோ, விலைவாசி ஏற்றம் 41 விழுக்காடு, அமெரிக்காவில் 2.4. வாய்பாட்டில் போட்டால் 0.294 × 1.41 / 1.024, அதாவது சுமார் 0.40. பெயரளவில் பெசோ 70 விழுக்காடு சரிந்தது, மெய்க் கணக்கில் 60. இடைப்பட்ட அந்தப் பத்து, ஏறிய விலைவாசி தின்றது.