மூட்டைப் படத்தை வைத்து ஏக்கருக்கு எத்தனை கிலோ தழைச்சத்து என்று கண்டுபிடிப்பது

காவேரிப்பாக்கம் ஏரித்தண்ணீரில் நவரை நெல் வைத்திருக்கும் சித்தப்பா போன மாதம் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினார். ஒன்று டிஏபி மூட்டை, இன்னொன்று யூரியா மூட்டை. கூடவே ஒரு குரல் செய்தி: "டிஏபி ஒண்ணு, யூரியா ரெண்டு போட்டாச்சு. டீக்கடையில கம்மியா போட்டுட்டன்னு சொல்றாங்க. ஏக்கருக்கு தழைச்சத்து எவ்ளோ போயிருக்குன்னு பாத்து சொல்லுடா."

கேட்பதற்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு மாதிரிதான் இருக்கும். போட்ட உரத்தின் எடையைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்து, வந்ததை ஏக்கரால் வகுத்தால் முடிந்தது. தழைச்சத்து என்பது நைட்ரஜன், குறியீடு N. சூத்திரமாக எழுதினால்:

```
ஏக்கருக்கு N கிலோ = (உரத்தின் எடை × N சதவீதம் ÷ 100) ÷ ஏக்கர்
```

இதில் பெருக்கலிலோ வகுத்தலிலோ யாரும் தப்பு செய்வதில்லை. உள்ளே போடும் மூன்று எண்களில்தான் எல்லாத் தப்பும் இருக்கிறது. சதவீதம் படத்தில் இருக்கிறது, ஆனால் அதைச் சரியாகப் படிக்க வேண்டும். எடை பாதிதான் படத்தில் இருக்கிறது. ஏக்கர் படத்திலேயே இல்லை.

முதலில் சதவீதம். டிஏபி மூட்டைப் படத்தில் பெரிதாக 18:46:0 என்று இருந்தது. இந்த மூன்று எண்களின் வரிசை எப்போதும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. அதாவது டிஏபியில் தழைச்சத்து 18, மணிச்சத்து 46. யூரியாவிலும் 46 என்ற எண் வருவதால், அவசரத்தில் டிஏபியின் 46-ஐத் தழைச்சத்து என்று எடுத்துக்கொள்பவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். அப்படி எடுத்தால் ஒரே மூட்டையில் 14 கிலோ பொய்யாக ஏறிவிடும். சில காம்ப்ளக்ஸ் மூட்டையில் 20-20-0-13 என்று நான்கு எண் இருக்கும். அந்தக் கடைசி 13 கந்தகம், அதற்கும் தழைச்சத்துக்கும் சம்பந்தமில்லை.

பெரிய எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும், அங்கேதான் படம் எடுத்துப் பார்ப்பவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். டிஏபியில் மொத்த நைட்ரஜன் குறைந்தது 18.0, அதில் அம்மோனியா வடிவில் குறைந்தது 15.5, யூரியா வடிவில் அதிகபட்சம் 2.5 என்று வரிசையாக இருக்கும். மூன்றையும் கூட்டி 36 என்று சொன்ன ஒரு பையனைத் தெரியும், படித்த பையன்தான். 15.5-ம் 2.5-ம் தனிச் சத்து இல்லை, அந்த 18 எதனால் ஆனது என்ற விவரம். கூட்டிப் பார்த்தால் சரியாக 18 வருகிறது பாருங்கள். கணக்குக்கு வேண்டியது மொத்த நைட்ரஜன் என்ற ஒரே வரிதான். யூரியா மூட்டையில் இதே மாதிரி பையூரெட் 1.5 என்று ஒரு வரி வரும். யூரியாவைத் தயாரிக்கும்போது சூட்டில் உண்டாகும் வேண்டாத பொருள் அது, இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பைத்தான் அந்த எண் சொல்கிறது.

படம் மங்கலாக இருந்தால்? மூட்டை மடிப்பில் 46 என்பது 48 மாதிரியோ 16 மாதிரியோ தெரியும். இதற்கு வேதியியலே ஒரு காவல்காரனைத் தருகிறது. யூரியா மூலக்கூறு ஒன்றில் ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். எடைகள் 12, 16, 28, 4, மொத்தம் 60. அதில் நைட்ரஜன் 28, அதாவது நூற்றுக்கு 46.7. கலப்பே இல்லாத சுத்தமான யூரியாவிலும் இதற்கு மேல் தழைச்சத்து இருக்க வழியில்லை, ஆகவே 48 என்று படித்தால் கண்தான் பொய் சொல்கிறது. மூட்டையில் 46 என்று போட்டிருப்பது அந்த உச்சத்துக்குச் சற்றுக் கீழே. இன்னொரு சௌகரியம், நைட்ரஜனை லேபிளில் நைட்ரஜனாகவே சொல்கிறார்கள். மணிச்சத்தை P2O5 என்றும் சாம்பல்சத்தை K2O என்றும் ஆக்சைடு கணக்கில் போடுவதால் அவற்றைத் தனிமமாகச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொரு பெருக்கல் வேண்டும். தழைச்சத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது.

ஆனால் யூரியா என்ற பெயரை மட்டும் படித்துவிட்டு 46 போட்டுவிடவும் கூடாது. கந்தகம் பூசிய யூரியா என்று ஒன்று வந்திருக்கிறது, அதில் தழைச்சத்து 37, கந்தகம் 17, மூட்டை 40 கிலோ. சாதா வேப்பெண்ணெய் பூசிய யூரியா ஒரு மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து கிடைத்தால் இதில் 14.8 தான். படத்தில் மூட்டையின் மேல்பாதி மட்டும் விழுந்திருந்தால் இரண்டும் "யூரியா" என்றே தெரியும். சித்தப்பாவிடம் கேட்டு மூட்டையின் அடிப்பாகத்தையும் படம் பிடித்து வாங்கினேன். சாதா யூரியாதான்.

அப்புறம் எடை. சித்தப்பா மனதில் மூட்டை என்றால் 50 கிலோ. அவர் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் அப்படித்தான், ஏனென்றால் வெகு காலம் அப்படித்தான் இருந்தது. யூரியா மூட்டை 2018-ல் 45 கிலோவாக ஆனது, டிஏபி இன்றும் 50 கிலோவிலேயே இருக்கிறது. ஆகவே இரண்டு மூட்டை யூரியா என்றால் 100 கிலோ இல்லை, 90 கிலோ. லேபிளில் நிகர எடை என்ற வரி இருக்கிறது, அதைப் பார்த்தால் சண்டையே இல்லை.

இரண்டாவது சங்கதி, வாங்கியதும் போட்டதும் ஒன்றில்லை. "ரெண்டு மூட்டையும் காலியா சித்தப்பா?" என்று கேட்டதற்கு, "இல்லடா, கொஞ்சம் கட்டி வெச்சிருக்கேன்" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கையால் தூக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது, பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைக்கச் சொன்னேன். 12 கிலோ. ஆக வயலில் விழுந்தது 78 கிலோ. அவர் அதை மூன்று முறையாகத் தூவியிருக்கிறார். மூன்றையும் சேர்த்த கணக்குத்தான் நமக்கு வேண்டும். ஒரு தூவலை மட்டும் எடுத்துக்கொண்டு முழுப் பயிருக்கான பரிந்துரையோடு ஒப்பிட்டால் எவருக்கும் கம்மியாகத்தான் தெரியும்.

சரி, ஏக்கர். சித்தப்பா அந்த நிலத்தை எப்போதும் "ஒரு ஏக்கரா" என்றுதான் சொல்வார், தாத்தா காலத்திலிருந்து அப்படியே. பட்டாவை எடுத்துப் படிக்கச் சொன்னால் 0.32.50 என்று இருக்கிறது. ஹெக்டேர், ஏர் கணக்கு அது. 32.5 ஏர், அதாவது 0.325 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்பதால் பெருக்கினால் 0.80 ஏக்கர், நம் பேச்சில் 80 சென்ட். வட ஆற்காட்டுப் பெரியவர்கள் சிலர் இன்னும் காணிக் கணக்கில் பேசுவார்கள். பழைய காணி 132 சென்ட், ஆனால் காணி என்றாலே ஒரு ஏக்கர் என்று சொல்பவர்களும் உண்டு. வாய்ப்பேச்சை நம்பி வகுத்தால் விடை மூன்றில் ஒரு பங்கு வரை தள்ளிப்போகும், பட்டாவே கதி. வரப்பும் வாய்க்காலும் தின்ற இடத்தைக் கழிக்கலாமே என்று கேட்டால் கழிக்கலாம்தான், ஆனால் பரிந்துரைகளோடு ஒப்பிடப் பார்ப்பதற்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம்.

இப்போது போட்டுப் பார்ப்போம். டிஏபி 50 கிலோவில் நூற்றுக்கு 18, அது 9.0 கிலோ. யூரியா 78 கிலோவில் நூற்றுக்கு 46, அது 35.9 கிலோ. இரண்டும் சேர்ந்து 44.9. இதை 0.80-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 56 கிலோ.

வேடிக்கை என்னவென்றால் சித்தப்பா தன் போக்கில் விரல்விட்டுப் போட்ட கணக்கிலும் 55 வந்திருந்தது. யூரியா இரண்டு மூட்டை 100 கிலோ என்று வைத்து 46, டிஏபிக்கு 9, நிலம் ஒரு ஏக்கர். எடையில் 22 கிலோ கூட்டிப் பிடித்தார், நிலத்தில் 20 சென்ட் கூட்டிப் பிடித்தார், ஒரு தப்பு இன்னொரு தப்பை அடித்துவிட்டது. "அப்புறம் இன்னாத்துக்குடா இவ்ளோ கேள்வி?" என்று சிரித்தார். அடுத்த போகத்தில் இரண்டு மூட்டையையும் முழுசாகக் கொட்டினால் அவர் கணக்கில் அதே 55 தான் வரும், வயலில் 63 கிலோ விழுந்திருக்கும்.

டீக்கடைக்காரர்கள் கம்மி என்றது எங்கிருந்து வந்தது என்று விசாரித்ததில், யாரோ 150 கிலோ என்று ஒரு தாளில் படித்திருக்கிறார்கள். அது ஹெக்டேருக்கான எண். வேளாண் பரிந்துரைகள் பெரும்பாலும் ஹெக்டேரில்தான் இருக்கும், 2.47-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 60 கிலோ சொச்சம். சித்தப்பாவின் 56 அதற்கு அவ்வளவு தூரத்தில் இல்லை, அதுவும் அவர் வைத்திருப்பது குறுகிய கால ரகம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த 56 கிலோ வயலில் போட்டது, பயிர் எடுத்துக்கொண்டது இல்லை. தண்ணீர் நிற்கும் நெல் வயலில் யூரியா கரைந்து அம்மோனியாவாகி ஒரு பகுதி காற்றில் போய்விடும். காயவிட்டுத் திரும்பத் தண்ணீர் கட்டும்போது இன்னொரு பகுதி நைட்ரேட்டாகி, அப்புறம் நைட்ரஜன் வாயுவாகவே கிளம்பிவிடும். போட்டதில் பாதிகூடப் பயிருக்குள் போகாத வயல்கள் சாதாரணம். மத்தியான வெயிலில் நிற்கிற தண்ணீரில் தூவியவருக்கும், தண்ணீரை வடித்துச் சேற்றில் தூவியவருக்கும் மூட்டைக் கணக்கு ஒன்றேதான், பயிரின் நிறம் மட்டும் வேறாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க இலை வண்ண அட்டைதான் வேண்டும், மூட்டைப் படம் உதவாது.

இதையெல்லாம் சொல்லி முடித்த சாயங்காலம் இன்னொரு படம் வந்தது. வேப்பமரத்தடியில் ஒரு ஆட்டு எருக் குவியல். "இதையும்தான் போட்டேன், மூணு வண்டி. இதுல எவ்ளோ இருக்கும்?"

அதில் லேபிள் இல்லை, நிகர எடையும் இல்லை. ஈரம் எவ்வளவு, மண் எவ்வளவு கலந்தது, எத்தனை மாதம் மழையில் கிடந்தது என்பதைப் பொறுத்து எண் மாறும், அதிலிருக்கும் தழைச்சத்தும் ஒரே போகத்தில் வெளியே வராது. ஒரு கிலோ எருவைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், குவியலில் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் அள்ளிக் கலந்து. அதுவரை 56 என்பது மூட்டைக்கு மட்டும்.