பேட்டர்னை வார்ப்புருன்னு சொல்லாதீங்க

கம்ப்யூட்டர்லயே துணியை வெட்டி 3D உடம்பு மேல தைச்சுப் பார்க்கற மார்வலஸ் டிசைனர் மாதிரி சாஃப்ட்வேர் பத்தி தமிழ்ல வர்ற பாடங்கள்ல pattern வந்த இடத்துல எல்லாம் "வார்ப்புரு"ன்னு போட்டுடுறாங்க. முன் வார்ப்புரு, கை வார்ப்புரு, வார்ப்புருவைத் தைக்கவும். இதைப் படிச்சு ஒருத்தர் சட்டை தைக்க முடியாதுங்கிறதுதான் என் வருத்தம்.

சொல்லோட வரலாறு சின்னதுதான். லத்தீன்ல பாத்ரோனுஸ்னா காப்பாளர். அது பழைய ஃப்ரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்து, பார்த்துச் செய்யற முன்மாதிரிங்கிற பொருளும் சேர்ந்து பேட்டர்ன் ஆச்சு. ஃப்ரெஞ்சுல தையல் பேட்டர்னுக்கு இன்னைக்கும் பத்ரோன்தான். ஜெர்மன்காரங்க வெட்டுங்கிற சொல்லையே உள்ள வெச்சு ஷ்னிட்முஸ்டர்னு சொல்றாங்க, எனக்கு அந்த வழிதான் சரின்னு படுது.

வார்ப்புன்னா உருக்கி அச்சுல ஊத்தறது, அச்சு எப்படியோ பொருளும் அப்படியே வரும். பேட்டர்ன் அப்படி இல்லவே இல்லை, அது தட்டையா கிடக்கற துண்டு, சட்டையோட உருவம் அதுல எங்கேயும் கிடையாது, தைச்சு உடம்பு மேல விழுந்த பிறகுதான் உருவம் வருது.

பட்டன் இல்லாத ஒரு அரைக்கை சட்டையை எடுத்துக்கங்க. சாஃப்ட்வேர்ல சட்டை போட்டுக்கற 3D உடம்பான அவதாரோட மார்பு சுற்றளவு 92 செ.மீ., தளர்வுக்கு 12 சேர்த்தா 104, அதுல கால்வாசி 26. 2D ஜன்னல்ல 26 அகலம், 68 உயரத்துக்கு ஒரு செவ்வகம் போடுங்க, அதுதான் முன்பக்கத்துல பாதி. கழுத்துக்கு அகலம் 7.5, ஆழம் 8, தோள் சரிவு 4, அப்புறம் டெய்லருங்க ஆர்ம்ஹோல்னு சொல்ற கைக்குழியை வளைச்சு விடுங்க. நடுக்கோட்டுல Unfold கொடுத்தா மறுபாதியும் விரியும். முதுகுக்கு இதையே காப்பி பண்ணி கழுத்து ஆழத்தை மட்டும் 2 ஆக்கிக்கிட்டு, கைக்குழி வளைவைக் கொஞ்சம் மாத்தினா போதும். தையலுக்குன்னு ஓரத்துல துணி விட வேண்டாம், சாஃப்ட்வேர் ஓரத்தோட ஓரம் அப்படியே சேர்த்துடும்.

கை துண்டுலதான் விஷயமே இருக்கு. முன் கைக்குழி 23, பின் கைக்குழி 24ன்னு வந்தா மொத்தம் 47. கையோட மேல் வளைவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரணும், 38 அகலத்துக்கு வளைவு உயரம் 13 வெச்சா சுமார் 47 வந்துடும். அதே உயரத்தை 17 வெச்சா வளைவு 53 கிட்ட போயிடும். சாஃப்ட்வேர் அதைத் தடுக்காது, Free Sewing-ல 53ஐ 47ஓட தைக்கச் சொன்னாலும் தைச்சிடும். துண்டுகளை அவதாரைச் சுத்தி வெச்சு ஸ்பேஸ் பாரைத் தட்டி துணியை விழ விட்டதும், மிச்சம் 6 செ.மீ. தோள்பட்டைல சுருக்கு சுருக்கா நிக்கும். தையல் கோடுகள் ஒண்ணையொண்ணு குறுக்கே வெட்டிட்டுப் போனா கை முறுக்கிக்கும், அதை 3D ஜன்னல்ல தட்டறதுக்கு முன்னாடியே பார்த்துடலாம். ஆனா நீளம் தப்பா இருக்கறது அந்தக் கோடுகள்ல தெரியாது, ரெண்டு ஓரத்தையும் தனித்தனியா க்ளிக் பண்ணி நீளம் பார்க்கணும். இதை வார்ப்புருன்னு கத்துக்கிட்டவர் அச்சுல கோளாறுன்னு நினைச்சு துண்டோட வெளி உருவத்தையே மாத்திக்கிட்டு இருப்பார், ரெண்டு ஓரத்தை அளந்து பார்க்கணும்னு அந்தச் சொல் அவருக்குச் சொல்லவே இல்லையே.

"மாதிரி"ன்னு போடலாமேன்னு கேப்பாங்க. கார்மென்ட்ஸ் ஆளுங்ககிட்ட மாதிரின்னா சாம்பிள், அதாவது முதல்ல தைச்சுக் காட்டற முழு சட்டை, பேட்டர்னுக்கு நேர் எதிர்முனை. "வடிவம்"னு போட்டா டிசைன்னு நினைச்சுக்குவாங்க, துணி மேல இருக்கற பூ, கட்டம் எல்லாத்தையும் வேற இங்கிலீஷ்ல பேட்டர்ன்னுதான் சொல்றாங்க.

என் தேர்வு "வெட்டுத்துண்டு". முன் வெட்டுத்துண்டு, கை வெட்டுத்துண்டுன்னு சொன்னா எது தட்டை, எதை எதோட தைக்கணும்னு உடனே புரியும். துணிக்கடை கட்பீஸ் ஞாபகம் வரும்னு ஒரு ஆட்சேபணை இருக்கு, நியாயம்தான். ஆனா அது மிச்சம் விழுந்த துணி, தையல் பாடத்துக்குள்ள அது வரப்போறது இல்லை, குழப்பம் வராது. முழுசா எல்லாத் துண்டும் சேர்ந்த தொகுப்பைச் சொல்லணும்னா "வெட்டுத்தொகுதி"ன்னு சொல்லலாம். பேச்சுல பேட்டர்ன்னே சொல்றவங்களோட எனக்குச் சண்டையே இல்லை, அது பேட்டர்ன் மாஸ்டர் வாய்ல பழகின சொல், பொருள் தப்பாம போய்ச் சேருது.

எனக்குக் கோபம் மொழிபெயர்க்கறவங்க மேலதான். டெம்ப்ளேட்டுக்கு எங்கேயோ வார்ப்புருன்னு பார்த்ததை எடுத்து, ஒரு தடவைகூட அந்த சாஃப்ட்வேரைத் திறக்காம, பேட்டர்ன் மேலயும் ஒட்டிடறாங்க. drape-ஐ "போர்த்து"ன்னு போடறதும் இதே கதைதான், போர்வையைத்தான் போர்த்துவோம், இங்க துணி தன் எடைல உடம்பு மேல விழுந்து மடிப்பு பிடிக்குது. "விழவிடு"ன்னு போட்டிருந்தா, மெல்லிசு துணியும் டெனிமும் ஏன் வேற வேற மாதிரி விழுதுன்னு படிக்கறவர் அடுத்த கேள்வியை அவரே கேட்டிருப்பார்.